நினைத்த எண் எதுவானாலும் விடை 60!

ஒரு எண்ணை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். 1 முதல் 20-க்குள் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். அதை யாருக்கும் சொல்லாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள். இப்போது அதனுடன் 15-ஐக் கூட்டுங்கள். வந்ததை 3-ஆல் பெருக்குங்கள். 75-ஐக் கூட்டுங்கள். முதலில் நினைத்த எண்ணைக் கழியுங்கள். மீதியைப் பாதியாக்குங்கள். மறுபடியும் நினைத்த எண்ணைக் கழியுங்கள். விடை 60 தானே?

நீங்கள் 7 நினைத்திருந்தால் 22, 66, 141, 134, 67 என்று போய் 60-ல் நின்றிருக்கும். 20 நினைத்திருந்தால் 35, 105, 180, 160, 80 என்று வேறு பாதையில் போய் அதே 60-க்கு வந்திருக்கும். கல்யாண வீடுகளிலும் ரயில் பயணங்களிலும் இதுபோன்ற கணக்குகளைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கேட்ட ஒன்றை மனப்பாடமாக ஒப்பிப்பது எளிது. ஆனால் நாம் விரும்பும் விடைக்கு வந்து நிற்கும்படி புதிதாக ஒன்றை உருவாக்குவது எப்படி? அது எல்லா எண்ணுக்கும் சரியாக வரும் என்று ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்காமல் எப்படி உறுதி செய்வது? இரண்டுக்கும் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா போதும். கூடவே எக்ஸெல் இருந்தால் வேலை இன்னும் சுலபம்.

பையும் உதிரியும்

x என்றாலே சிலருக்கு ஒவ்வாது. எனவே இப்படி வைத்துக் கொள்வோம். நண்பர் நினைத்த எண் ஒரு மூடிய பைக்குள் இருக்கும் மிட்டாய்கள். உள்ளே எத்தனை என்று நமக்குத் தெரியாது. ஆனால் நாம் கூட்டச் சொல்லும் எண்கள் எல்லாம் நம் கண் முன்னால் இருக்கும் உதிரி மிட்டாய்கள்.

தொடக்கத்தில் 1 பை, 0 உதிரி. 15 கூட்டச் சொன்னால் 1 பை, 15 உதிரி. 3-ஆல் பெருக்கினால் பையும் உதிரியும் சேர்ந்தே பெருகும். எனவே 3 பை, 45 உதிரி. 75 கூட்டினால் 3 பை, 120 உதிரி. நினைத்த எண்ணைக் கழித்தால் ஒரு பை போய்விடும். மிச்சம் 2 பை, 120 உதிரி. பாதியாக்கினால் 1 பை, 60 உதிரி. மறுபடியும் நினைத்த எண்ணைக் கழித்தால் கடைசிப் பையும் போய்விடும். கையில் இருப்பது 60 உதிரி மட்டும்.

பை இல்லாமல் போனபின் அதற்குள் என்ன இருந்தது என்பதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? இதுதான் மொத்த ரகசியமும். அல்ஜீப்ராவில் எழுதினால் பைகளின் எண்ணிக்கைதான் x-க்கு முன்னால் வரும் எண். 3 பை, 120 உதிரி என்பது 3x + 120. அவ்வளவுதான்.

விடையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம் என்று வைத்துக் கொள்வோம். வந்திருக்கும் ஐம்பது பேரும் ஆளுக்கு ஒரு எண்ணை நினைக்க வேண்டும், எல்லோர் தாளிலும் கடைசியில் 60 வந்து நிற்க வேண்டும். மேலே கொடுத்த கணக்கை நான் இதற்காகத்தான் அமைத்தேன். அமைத்த விதம் இது.

கடைசி நிலையை முதலில் எழுதுங்கள்: 0 பை, 60 உதிரி. இனி ஒவ்வொரு படியையும் தலைகீழாகச் செய்து மேலே ஏறுங்கள். கடைசிப் படி "நினைத்த எண்ணைக் கழி" என்றால், அதற்கு முன்பு 1 பை, 60 உதிரி இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய படி "பாதியாக்கு" என்றால் அதற்கு முன்பு எல்லாம் இரு மடங்கு: 2 பை, 120 உதிரி. அதற்கும் முன்னால் ஒருமுறை நினைத்த எண்ணைக் கழிக்க வைத்தால் அதற்கு முன்பு 3 பை, 120 உதிரி.

கழித்தலைக் கூட்டலாகவும் பாதியை இரட்டிப்பாகவும் மாற்றிப் பின்னால் போகும் இந்த வழி நமக்குப் புதிதல்ல. கி.பி. 499-ஐச் சேர்ந்த ஆரியபட்டீயத்திலேயே இது ஒரு விதியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. விலோம முறை என்பது இதன் பெயர்.

இப்போது நம் முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று. 1 பையில் தொடங்கி 3 பை, 120 உதிரிக்கு எப்படிப் போவது? 3-ஆல் பெருக்கினால் 3 பை வந்துவிடும். உதிரியை இரண்டு தவணையாகக் கொடுக்கலாம். பெருக்குவதற்கு முன்பு கொஞ்சம், பிறகு கொஞ்சம். முன்பு கொடுப்பது மூன்று மடங்காகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முன்பு 15 கொடுத்தால் அது 45 ஆகும். 120-க்கு இன்னும் 75 வேண்டும். எனவே பிறகு 75.

முன்பு கொடுப்பது 15 ஆகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 10 கொடுத்தால் அது 30 ஆகும், பிறகு 90 கொடுக்க வேண்டும். ஆனால் 20 மட்டும் வேண்டாம். 20 கொடுத்தால் பிறகு கொடுக்க வேண்டியது சரியாக 60. நாம் ஒளித்து வைக்க நினைக்கும் விடையே நம் வாயிலிருந்து வந்துவிடும். கூட்டத்தில் ஒருவராவது அதைக் கவனித்து விடுவார்.

இன்னொன்றும் உண்டு. ஒரே பார்வையாளர்களிடம் இரண்டாம் முறை செய்யும்போது விடை மறுபடியும் 60 வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கும் வழி இருக்கிறது. நீங்கள் விரும்பும் விடை N என்றால், 75-க்குப் பதிலாக 2N - 45 என்ற எண்ணைக் கூட்டச் சொல்லுங்கள். மற்ற படிகள் எதையும் மாற்ற வேண்டாம். அந்தத் தம்பதிக்குத் திருமணமாகி 35 ஆண்டுகள் என்றால் 2 × 35 - 45 = 25. இரண்டாம் சுற்றில் 75-க்குப் பதில் 25 கூட்டச் சொன்னால் எல்லோருக்கும் 35 வரும். 7-ஐ வைத்துப் பாருங்கள்: 22, 66, 91, 84, 42, 35. விடை 23-க்குக் குறைவாக வேண்டுமென்றால் 2N - 45 கழித்தல் எண்ணாகிவிடும். அப்போது "கூட்டுங்கள்" என்பதற்குப் பதில் 45 - 2N-ஐக் "கழியுங்கள்" என்று சொல்ல வேண்டும்.

எக்ஸெல்லில் ஒரு பட்டறை

கையால் எழுதும்போது ஒரு படியில் தவறினாலும் எல்லாம் போய்விடும். எனவே இதை எக்ஸெல்லில் செய்து வைத்துக் கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம், பார்முலாக்கள் ஒன்றேதான்.

A நெடுவரிசையில் நீங்கள் சொல்லப் போகும் வாசகத்தை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். B-யில் பைகளின் எண்ணிக்கை, C-யில் உதிரிகளின் எண்ணிக்கை. E1 செல்லில் நீங்கள் விரும்பும் விடையை, அதாவது 60-ஐ டைப் செய்யுங்கள். பிறகு B, C நெடுவரிசைகளில் கீழே உள்ளபடி கொடுங்கள்.

```
B2: 1        C2: 0
B3: =B2      C3: =C2+15
B4: =B3*3    C4: =C3*3
B5: =B4      C5: =C4+2*$E$1-45
B6: =B5-1    C6: =C5
B7: =B6/2    C7: =C6/2
B8: =B7-1    C8: =C7
```

B8-ல் 0 வர வேண்டும். C8-ல் நீங்கள் E1-ல் கொடுத்த எண் அப்படியே வர வேண்டும். E1-ஐ மாற்றிப் பாருங்கள், C8 கூடவே மாறும். உங்கள் சொந்தக் கணக்கை அமைக்கும்போது படிகளை விருப்பம்போல் கூட்டலாம், குறைக்கலாம். B-யின் கடைசி செல்லில் 0 இல்லையென்றால் பை இன்னும் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விடை வரும்.

இதே தாளில் இன்னொரு ஆபத்தையும் கண்டுபிடிக்கலாம். வகுக்கும் படிக்கு முந்தைய வரியைப் பாருங்கள். B6-ல் 2, C6-ல் 120. இரண்டுமே 2-ஆல் மீதியின்றி வகுபடும். எனவே யார் எந்த முழு எண்ணை நினைத்திருந்தாலும் பாதியாக்கும்போது அரை வராது. ஒரு படி முன்னதாக, 3 பை 120 உதிரியாக இருக்கும்போதே பாதியாக்கச் சொல்லியிருந்தால்? 8 நினைத்தவருக்கு 144-ன் பாதி 72, தொல்லையில்லை. 7 நினைத்தவருக்கு 141-ன் பாதி எழுபதரை. பலர் அந்த அரையை விட்டுவிட்டு 70 என்று எழுதிக் கொள்வார்கள். அதன்பின் நீங்கள் என்ன செய்தாலும் விடை ஒத்து வராது. எனவே வகுக்கும் இடத்தில் பை, உதிரி இரண்டுமே மீதியின்றி வகுபட வேண்டும்.

இரண்டே எண்கள் போதும்

நான் வேலை பார்க்கும் துறையில் எழுதிய புரோகிராமைச் சோதிக்காமல் யாரும் வெளியே விடுவதில்லை. இங்கே எத்தனை எண்களைப் போட்டுச் சோதிக்க வேண்டும்? நூறு? ஆயிரம்? இரண்டே இரண்டு போதும் என்பதுதான் அழகு.

கூட்டல், கழித்தல், ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்கல், வகுத்தல், நினைத்த எண்ணைக் கூட்டுதல் அல்லது கழித்தல் ஆகிய இவற்றை மட்டும் பயன்படுத்தினால் எந்தக் கட்டத்திலும் நம்மிடம் இருப்பது "இத்தனை பை, இத்தனை உதிரி" என்ற வடிவம்தான். 0-ஐ நினைத்தால் பைகள் எல்லாம் காலி, எனவே விடையாக உதிரி மட்டும் வரும். 1-ஐ நினைத்தால் உதிரியோடு பைகளின் எண்ணிக்கையும் சேர்ந்து வரும். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தால் பைகளின் எண்ணிக்கை பூஜ்யம்தான். வேறு வாய்ப்பே இல்லை. எனவே மற்ற எல்லா எண்களுக்கும் அதே விடைதான்.

பைத்தான் தெரிந்தவர்கள் இதை ஒரு சின்ன புரோகிராமாக எழுதிப் பார்க்கலாம்.

```
def kanakku(x):
    y = x + 15
    y = y * 3
    y = y + 75
    y = y - x
    y = y / 2
    return y - x

print(kanakku(0), kanakku(1))
```

60.0 60.0 என்று வரும். கணக்கு சரி. இதன்படி குறும்புக்கார மாமா ஒருவர் இரண்டரையை நினைத்தாலும், கழித்தல் 4-ஐ நினைத்தாலும், 978-ஐ நினைத்தாலும் விடை 60 தான். 1 முதல் 20 வரை என்று நாம் எல்லை வைப்பது அல்ஜீப்ராவுக்காக அல்ல. மனக்கணக்கில் யாரும் தவறிவிடக் கூடாது என்பதற்காக.

எங்கே இந்தச் சோதனை செல்லாது?

இலக்கங்களை வைத்து விளையாடும் கணக்குகளில் மேலே சொன்ன இரண்டு எண் சோதனையை நம்பாதீர்கள். பிரபலமான ஒன்றைப் பார்ப்போம். 1 முதல் 10-க்குள் ஓர் எண்ணை நினைத்து 9-ஆல் பெருக்கி, வந்த விடையின் இலக்கங்களைக் கூட்டினால் எப்போதும் 9. அதிலிருந்து 5-ஐக் கழிக்கச் சொல்லி 4-க்குக் கொண்டு வந்து, அதை வைத்துக் கதையை வளர்ப்பார்கள்.

இதற்குக் காரணமும் எளிதுதான். 7 × 9 = 63. பத்தாம் இடத்தில் 7-ஐ விட ஒன்று குறைவு, ஒன்றாம் இடத்தில் 10-லிருந்து 7 போக மீதி. பொதுவாக x-ஐ நினைத்தால் முதல் இலக்கம் x - 1, இரண்டாவது 10 - x. கூட்டினால் x மறைந்து 9 மட்டும் நிற்கும். ஆனால் "இலக்கங்களைக் கூட்டு" என்பது பை, உதிரி கணக்கில் அடங்காத வேலை. இரண்டு எண்ணுக்குச் சரியாக வந்தது என்பதால் மூன்றாவதற்கும் வரும் என்று சொல்ல முடியாது. 1 முதல் 20 வரை என்று எல்லையை நீட்டினால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான்.

```
for x in range(1, 21):
    n = 9 * x
    d = sum(int(c) for c in str(n))
    if d != 9:
        print(x, n, d)
```

ஒரே ஒரு வரி வரும்: 11 99 18. இருபது எண்களில் 11 மட்டும் நம் காலை வாரிவிடுகிறது! 12 நினைத்தால் 108, கூட்டினால் 9. 20 நினைத்தால் 180, அதுவும் 9. நண்பர்களிடம் ஏழெட்டு முறை செய்து பார்த்து எல்லாம் சரியாக வந்தது என்று மேடை ஏறியவர், 11-ஐ நினைத்தவரிடம் மாட்டிக் கொள்வார். எனவே இலக்கக் கணக்கு என்றால் எல்லைக்குள் இருக்கும் ஒவ்வொரு எண்ணையும் சோதியுங்கள். கம்ப்யூட்டருக்கு அது கண் சிமிட்டும் நேரம்.

60 வரவில்லை என்கிறாரா?

நம் கணக்கு சரி. ஆனால் செய்கிறவர்கள் மனிதர்கள். ஐம்பது பேரில் இரண்டு மூன்று பேராவது "எனக்கு வேறு வருகிறதே" என்பார்கள். இங்குதான் அல்ஜீப்ரா தெரிந்தவருக்கும் மனப்பாடம் செய்தவருக்கும் வித்தியாசம் தெரியும். தவறான விடையே எங்கே தவறினார் என்று சொல்லிவிடும்.

முதல் காரணம் கால்குலேட்டர். விண்டோஸ் கால்குலேட்டரை ஸ்டாண்டர்ட் நிலையில் வைத்து 7 + 15 × 3 = என்று தொடர்ந்து தட்டினால் 66 வரும், ஏனெனில் அது ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே போகும். சயின்டிபிக் நிலையில் அதையே தட்டினால் 52. அது பெருக்கலை முதலில் செய்து, பிறகு கூட்டுகிறது. பல செல்போன் கால்குலேட்டர்களும் இப்படித்தான். எனவே ஒவ்வொரு படிக்குப் பிறகும் = தட்டச் சொல்லுங்கள்.

சொல்ல மறந்துவிட்டீர்கள், ஒருவர் இந்த இடத்தில் மட்டும் தவறி மற்ற படிகளைச் சரியாகச் செய்து 53 என்கிறார். என்ன நடந்தது? பெருக்கப்பட்டது 15 மட்டும். எனவே 1 பை, 45 உதிரி. 75 கூட்டினால் 1 பை, 120 உதிரி. நினைத்த எண்ணைக் கழித்ததும் பை போய்விட்டது. பாதியாக்கினால் 60. மறுபடியும் கழிக்கும்போது, 60-லிருந்து அவர் நினைத்த எண் குறைந்துவிடுகிறது. அதாவது அவர் சொன்ன விடைக்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம்தான் அவர் நினைத்த எண்! "நீங்கள் நினைத்தது 7, கால்குலேட்டரில் = தட்ட மறந்துவிட்டீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள். 60 வந்ததை விட இதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

அடுத்து, கடைசிப் படியை மறப்பவர்கள். அவர்கள் கையில் ஒரு பை மிச்சம் இருக்கும். எனவே விடை 60-ஐ விட, நினைத்த எண் அளவுக்கு அதிகமாக வரும். 67 என்றால் நினைத்தது 7. முதல் கழித்தலை மறந்தவர்களுக்கு 3 பை, 120 உதிரி பாதியாகி, அதிலிருந்து ஒரு பை போகும். மிச்சம் அரைப் பை, 60 உதிரி. 7 நினைத்தவருக்கு அறுபத்து மூன்றரை வரும். விடையில் அரை தட்டுப்பட்டால் தவறு இங்கேதான் என்று வைத்துக் கொள்ளலாம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. 64 என்று ஒருவர் சொன்னால் அவர் 4 நினைத்துக் கடைசிப் படியை மறந்திருக்கலாம், அல்லது 8 நினைத்து முதல் கழித்தலை மறந்திருக்கலாம். எனவே 60-க்கு மேல் முழு எண் வந்தால் உடனே எண்ணைச் சொல்லிவிடாதீர்கள். "நினைத்த எண்ணை எத்தனை முறை கழித்தீர்கள்?" என்று கேட்காமல், "கடைசியாக என்ன செய்தீர்கள்?" என்று சாதாரணமாக விசாரியுங்கள். கழித்தேன் என்றால் 8, பாதியாக்கினேன் என்றால் 4.

நீங்கள் சொந்தமாக அமைக்கும் கணக்கிலும் இதைச் செய்யலாம். எக்ஸெல் தாளை ஒரு நகல் எடுத்து, ஒவ்வொரு வரியாக நீக்கிவிட்டு அதற்கேற்ப பார்முலாக்களைத் திருத்திக் கடைசி வரியைப் பாருங்கள். எந்தப் படியை மறந்தால் எத்தனை பை, எத்தனை உதிரி மிச்சம் என்று தெரிந்துவிடும். அதை ஒரு சின்னச் சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு மேடை ஏறுங்கள்.